வீடியோ போர்ட்ரெய்ட்டில் முடி ஓரம் துடிப்பது

"போட்டோவில் பின்னணி நன்றாக மங்குகிறது. வீடியோவில் போர்ட்ரெய்ட் போட்டால் முடி ஓரம் துடிக்கிறது, தலையைத் திருப்பினால் காதும் மங்கிவிடுகிறது."

போர்ட்ரெய்ட்டை அணைத்துவிட்டு, சாதாரண வீடியோவில் 2x அல்லது 3x டெலி லென்ஸில் எடுங்கள். ஆளுக்கும் பின்சுவருக்கும் நடுவே மூன்று நான்கு மீட்டராவது விடுங்கள். மங்கல் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், ஆனால் லென்ஸே தருவதால் ஓரம் துடிக்காது.

போட்டோவில் ஓரத்தைக் கணக்கிட போனுக்கு நேரம் கிடைக்கிறது. வீடியோவில் நொடிக்கு 30 முறை எது ஆள், எது பின்னணி என்று முடிவெடுக்க வேண்டும். பறக்கும் முடி, கண்ணாடி ஃபிரேம், வேகமாக அசையும் கை இதிலெல்லாம் ஃபிரேமுக்கு ஃபிரேம் முடிவு மாறுகிறது. அதுதான் அந்தத் துடிப்பு.

ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். 3x வைத்து, டெலி லென்ஸை விரலால் மூடுங்கள். திரை இருளவில்லை என்றால் போன் மெயின் கேமராவின் படத்தைத்தான் வெட்டிப் பெரிதாக்குகிறது. வெளிச்சம் குறைந்தாலோ ஆள் மிகப் பக்கத்தில் இருந்தாலோ இப்படி நடக்கும். விளக்கைக் கூட்டுங்கள், அல்லது ஓரடி பின்னால் போங்கள்.

டெலி லென்ஸே இல்லாத போன் என்றால் மெயின் கேமராவோடு நெருங்கிப் போவதுதான் வழி. சிறு பொருளுக்கு அது சரி, முகத்துக்கு வேண்டாம், மூக்கு பெரிதாகத் தெரியும். மேக்ரோவையும் அணைத்து வையுங்கள், இல்லையென்றால் நெருங்கியதும் அல்ட்ராவைடுக்குத் தாவி பின்னணியைத் தெளிவாக்கிவிடும்.