கடிதத் தேதியா, கையில் கிடைத்த தேதியா?

“ஊழியர் ஒருவர் போட்ட வழக்கின் 400 பக்கக் கோப்பு, தாள்கள் முன்னும் பின்னுமாகக் கிடக்கின்றன. பதில் மனுவுக்கு மேலாளர் தேதிவாரிப் பட்டியல் கேட்கிறார்.”

தாள்களை இடம் மாற்றாதீர்கள். இருக்கிறபடியே பென்சிலில் பக்க எண் போடுங்கள். அப்புறம் எக்செலில் கடிதத் தேதி, கிடைத்த தேதி, நடந்தது, பக்க எண் என நான்கு கட்டம்.

இரண்டு தேதியும் கட்டாயம் வேண்டும். நோட்டீஸில் 3.3.2023 என்றிருக்கும், ஒப்புகை அட்டையில் ஊழியர் 20.3.2023 அன்று கையெழுத்திட்டிருப்பார். ‘கிடைத்த 15 நாளுக்குள் விளக்கம்’ என்றால் கெடு ஏப்ரல் 4. கடிதத் தேதியை மட்டும் பார்த்தால் மார்ச் 18 என்று தோன்றும். மார்ச் 30 அன்று வந்த விளக்கத்தைத் தாமதம் என்று மேலாளர் பதில் மனுவில் எழுதிவிட்டால், எதிர்த்தரப்பு அந்த அட்டையைத்தான் முதலில் காட்டும்.

தேதியில்லாத தாளுக்கு ஊகத்தில் தேதி போடவே வேண்டாம். ‘தேதியில்லை, பக்கம் 212இல் உள்ள நோட்டீஸைக் குறிப்பிடுவதால் அதற்குப் பிந்தையது’ என்று காரணத்தோடு எழுதுங்கள்.