வயர் இயர்போனில், போனில் சொருகுற பின்னை ஒட்டின வயரை அசைத்தால் கரகரன்னு சத்தம் வருது, சில நேரம் பாட்டே கட் ஆகுது. சரி பண்ண முடியுமா, புதுசு வாங்கணுமா?

நீங்கள் நிச்சயமாக போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பாட்டுக் கேட்கிற ஆள். பின்னை ஒட்டிய ரப்பர் முடிகிற இடத்தில் வயர் தினமும் மடங்கி நிமிர்கிறது. உள்ளே இருப்பது முடி மாதிரி மெல்லிய செப்பு இழைகள். அவை ஒன்றொன்றாக அறுந்து, கடைசியில் அறுந்த முனைகள் தொட்டும் விட்டும் இருக்கும்போதுதான் அந்தக் கரகரப்பு.

முதலில் வேறொரு போனில் சொருகிப் பாருங்கள். பிறகு பின்னை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு வயரை மட்டும் மடக்குங்கள். அப்போது சத்தம் வெட்டினால் வயர்தான் கோளாறு. வயர் அசையாமல் பின்னைத் திருகும்போது மட்டும் வெட்டினால் போனின் ஓட்டையில் தூசி அடைத்திருக்கலாம், குச்சியால் மெதுவாக எடுத்தாலே போதும்.

எனக்கு நடந்தது கொஞ்சம் வினோதம். பாட்டில் வயலின், தபேலா எல்லாம் கேட்கிறது, பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. கடைக்குக் கொண்டு போனால், ஸ்பீக்கர் போச்சு சார், புதுசு எடுத்துக்கோங்க என்றார், காதில் வைத்துக்கூடப் பார்க்காமல். ஸ்பீக்கர் போகவில்லை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கிரவுண்ட் வயர் அறுந்தால் இப்படித்தான் ஆகும். இடது, வலது இரண்டும் ஒன்றோடொன்று தொடராக மாட்டிக்கொள்ளும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும். குரலைப் பெரும்பாலும் இரண்டு பக்கத்திலும் சமமாகப் பதிவு செய்திருப்பார்கள், அதனால் அதுதான் முதலில் காணாமல் போகும். ஒரு பக்கம் மட்டும் போனால் அந்தப் பக்கத்து வயர். பாட்டு தானாக நின்று நின்று ஓடினால் மைக் வயர் கிரவுண்டைத் தொடுகிறது, பட்டனை அமுக்கியதாக போன் நினைத்துக்கொள்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். ரப்பருக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெட்டிவிடுங்கள். ரப்பரை ஒட்டி வெட்டினால் பாதி அறுந்த இழைகள் மிச்சமிருக்கும், திரும்பவும் கரகரக்கும். மைக் இருந்தால் நான்கு பட்டை கொண்ட 3.5 மிமீ பின், இல்லாவிட்டால் மூன்று பட்டை. எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். பின்னின் மூடியையும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூபையும் முதலிலேயே வயரில் கோர்த்துவிட வேண்டும், இழைகளைப் பின்னில் ஈயத்தால் பற்ற வைத்த பிறகு நுழைக்க முடியாது.

பலர் தோற்பது இழையில்தான். சிவப்பு, பச்சை என்று தெரிவது பிளாஸ்டிக் உறை இல்லை, செம்பின் மேல் பூசிய எனாமல். அது மின்சாரத்தை விடாது, ஈயமும் ஒட்டாது. நன்றாகச் சூடான சால்டரிங் அயர்ன் முனையில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, சால்டரிங் பேஸ்ட் தடவிய இழை முனையை அதில் சில நொடி வையுங்கள். எனாமல் கருகி, ஈயம் பளபளவென ஏறினால் சரி. புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எந்த நிறம் எது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு இழைகளைத் தொடுங்கள், காதில் டிக் கேட்கும். ஒரு காதில் மட்டும் கேட்டு, மீட்டரும் 16 மாதிரி சின்ன அளவைக் காட்டினால் அந்த ஜோடியில் ஒன்று கிரவுண்ட். இரண்டு காதிலும் கேட்டு, அளவும் இரட்டிப்பாக, அதாவது 16க்குப் பதில் 32 என்று காட்டினால் நீங்கள் தொட்டது இடதும் வலதும். இனி இழைகளைப் பின்னில் பற்ற வைக்கலாம். இப்போதைய போன்களில் பின்னின் நுனி இடது, அடுத்தது வலது, அடுத்தது கிரவுண்ட், கடைசி மைக். பின்னில் சூட்டை ரொம்ப நேரம் வைத்தால் பட்டைகளுக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக் இளகி எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.

நூறு ரூபாய் இயர்போனுக்கு இவ்வளவா என்று யாராவது கமெண்டில் வருவீர்கள், தெரியும். நூறு ரூபாய்க்கு நானும் சொல்லமாட்டேன். சால்டரிங் அயர்ன் இல்லாதவர் இதற்காக மட்டும் வாங்கவும் வேண்டாம். ஆனால் நல்ல சத்தம் தருகிற ஒன்றை ஒரு சாண் வயருக்காகத் தூக்கி எறிவதா? பேனா ஸ்பிரிங் சுற்று, டேப் ஒட்டு என்கிறார்கள், அறுந்த இழையை அது ஒட்டாது, புது வயருக்குத்தான் பிரயோசனம். இதில் இன்னொரு கொடுமை, இப்போது வருகிற பல போன்களில் அந்த ஓட்டையையே எடுத்துவிட்டார்கள். அதற்குத் தனியாக டைப்-சி கன்வெர்ட்டர் வாங்கினேன், அதன் குட்டை வயரும் அதே இடத்தில், பின்னை ஒட்டித்தான் அறுந்தது.