யூசர் ஸ்டோரியை டெஸ்டர் திருப்பி அனுப்பாதபடி எப்படித் திருத்துவது?

கேள்வி: சேலத்தில் ஐந்து பேர் சேர்ந்த சின்ன டீம் நாங்கள். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டுக்காக, பறித்த பழத்தின் எடையைப் போனில் பதியும் ஆப் செய்கிறோம். "பயனராக, எடையை எளிதாகவும் வேகமாகவும் பதிவு செய்ய வேண்டும்" என்று ஸ்டோரி எழுதினோம். டெவலப்பர் முடிந்தது என்கிறார், டெஸ்டர் முடியவில்லை என்கிறார். எப்படித் திருத்துவது?

பதில்:

"பயனர்" என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். சாயங்காலம் எடை போடும்போது போன் யார் கையில் இருக்கிறது, தராசில் இருப்பது யாருடைய சாக்கு என்று பாருங்கள். போன் மேஸ்திரி கையில் இருக்கும். சாக்கு, நாள் முழுக்கப் பழம் பறித்த பெண்ணுடையது. மேஸ்திரிக்கு இருட்டுவதற்குள் எல்லாச் சாக்கும் பதிவாகிவிட வேண்டும். அந்தப் பெண்ணுக்குத் தன் பெயரில் எத்தனை கிலோ ஏறியது என்று வீட்டுக்குப் போகும்முன் தெரிய வேண்டும். ஆப்பைத் தொடவே மாட்டார் என்றாலும் அவரும் உங்கள் பயனர்தான். ஆகவே உங்கள் ஒரு வரிக்குள் இரண்டு ஸ்டோரி இருக்கிறது. பிரித்து எழுதுங்கள்.

தமிழில் ஸ்டோரி எழுதுகிறவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு. "எடை பதிவு செய்யப்பட வேண்டும்", "அறிக்கை அனுப்பப்பட வேண்டும்" என்று எழுதிவிடுகிறோம். வாக்கியம் நிறைவாக ஒலிக்கும், ஆனால் ஆள் காணாமல் போயிருப்பார். பேக்லாக் முழுவதிலும் "ப்பட வேண்டும்" என்று தேடி, கிடைக்கும் ஒவ்வொன்றையும் செய்வினையாக மாற்றுங்கள். "பதிகிறார்" என்று எழுதியவுடனே யார் என்ற கேள்வி தானாக வந்து நிற்கும். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாவிட்டால் அந்த ஸ்டோரி ஸ்பிரின்டுக்கு இன்னும் தயாராகவில்லை.

அடுத்தது தேவை. "எளிதாக" என்பது தேவையின் பெயர் கிடையாது. இன்றைக்கு ஆப் இல்லாமல் வேலை எப்படி நடக்கிறது, எங்கே கை வலிக்கிறது என்று கேட்டால் தேவை வெளியே வரும். நோட்டில் எழுதியதை ஆபீசில் கணக்குப்பிள்ளை, ஆட்களின் வருகையும் கூலியும் ஏறும் செக்ரோலில் மறுபடி எழுதுகிறார். பனியில் நனைந்த தாளில் 17-ஆம் எண் ஆளின் கிலோ 18-ஆம் எண் ஆளுக்குப் போய்விடுகிறது. சம்பள நாளில் தகராறு. இப்படி ஒரு விவரம் கிடைத்தால் ஸ்டோரி இப்படி மாறும்: "மேஸ்திரி, தராசின் பக்கத்திலேயே ஒவ்வொரு சாக்கின் எடையையும் ஆளின் எண்ணோடு பதிகிறார், ஆபீசில் யாரும் அதை மறுபடி எழுத வேண்டியதில்லை." இதில் பட்டன், திரை, டேட்டாபேஸ் எதையும் சேர்க்காதீர்கள். "ஒரு பட்டன் வேண்டும்" என்று ஆரம்பிக்கும் ஸ்டோரி தேவையைச் சொல்லாமல் தீர்வைச் சொல்கிறது. பிறகு அதைவிட நல்ல வழி ஒன்று இருந்தாலும் டெவலப்பர் தேடமாட்டார்.

உங்கள் சண்டை உண்மையில் மூன்றாவது இடத்தில் இருக்கிறது: எது நடந்தால் முடிந்தது? சேலம் ஆபீசில் வைஃபை இருக்கிறது, டெவலப்பர் அங்கே சேமித்துப் பார்த்தார், ஓடியது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போனால், சரிவுக்குள் இருக்கும் காபித் தோட்டத்தில் சிக்னல் வரும், போகும். டெஸ்டர் அதை மனதில் வைத்துப் பார்க்கிறார். இருவரும் சொல்வது சரி. எந்த நிலையில் சோதிப்பது என்று ஸ்டோரியில்தான் இல்லை. அதை எழுதுவதற்கு, எந்த நிலையில் என்ன செய்தால் என்ன நடக்கும் என்று வரி வரியாகச் சொல்லும் கெர்கின் வடிவம் பொருந்தும். அதைப் படித்துச் சோதனையாக ஓட்டும் குகும்பர் என்ற கருவி தமிழ்ச் சொற்களையும் ஏற்கும்:

```
# language: ta
அம்சம்: பழ எடைப் பதிவு

  காட்சி: சிக்னல் இல்லாமல் பதிந்து மறுநாள் அனுப்புதல்
    கொடுக்கப்பட்ட மேஸ்திரியின் போனில் சிக்னல் இல்லை
    எப்போது மாலை 5:40-க்கு 17-ஆம் எண்ணுக்கு மொத்தம் 42.5, சாக்கு 0.5 எனச் சேமிக்கிறார்
    மற்றும் மறுநாள் காலை 7:00-க்கு சிக்னல் கிடைக்கிறது
    அப்பொழுது 7:02-க்குள் சர்வரில் 17-ஆம் எண்ணுக்கு ஒரே ஒரு புதுப் பதிவு இருக்கிறது
    மற்றும் அதன் நிகர எடை 42.0, தேதி முந்தைய நாள்
```

"எப்போது" வாக்கியத்தின் தொடக்கத்தில் வருவது நம் காதுக்கு இடிக்கும். அது கருவிக்கான அடையாளச் சொல், விட்டுவிடலாம். கடைசி இரண்டு வரிகளைத்தான் கவனிக்க வேண்டும்.

தேதி ஏன்? பதிவு சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தையே எடை போட்ட நேரமாக எடுத்துக்கொள்ளும்படி கோட் எழுதுவது சாதாரணமாக நடக்கும் தவறு. ஆபீசில் இரண்டும் ஒரே நொடி என்பதால் கண்ணில் படாது. தோட்டத்தில் செவ்வாய்க்கிழமைப் பழம் புதன்கிழமைக் கணக்கில் ஏறிவிடும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால் ஒரு நாள் குறையும், அடுத்த நாள் கூடும்.

"ஒரே ஒரு பதிவு" என்பது இன்னும் முக்கியம். போன் அனுப்பியது, சர்வர் எழுதிக்கொண்டது, "கிடைத்தது" என்ற பதில் திரும்பி வரும்போது சிக்னல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவில்லை என்று நினைத்து போன் மறுபடி அனுப்பும். 42 கிலோ 84 ஆகிவிடும். ஏரோப்பிளேன் மோடில் மட்டும் சோதித்தால் இது சிக்காது. அனுப்பிய பிறகு பதில் வருமுன் இணைப்பை அறுக்க வேண்டும். அதற்கு ஒரு தனிக் காட்சி எழுதுங்கள்.

இதைப் பார்த்தவுடன் டெவலப்பர் "ஒரே ஆள், ஒரே எடை, ஒரே நாள் என்றால் இரண்டாவதைத் தள்ளிவிடுகிறேன்" என்பார். அதுவும் ஆபத்து. அதே பெண் அன்றைக்கு இரண்டாவது சாக்கு கொண்டுவந்து, அதுவும் சரியாக 42.0 நின்றால்? உழைத்த கிலோ போய்விடும். ஆகவே எதிர்ப்பக்கக் காட்சியும் வேண்டும்: 17-ஆம் எண்ணுக்கு மேஸ்திரி இரண்டு முறை தனித்தனியாக 42.0 சேமித்தால் சர்வரில் இரண்டு பதிவு, மொத்தம் 84.0. இந்த இரண்டையும் அருகருகே வைத்தால், ஒவ்வொரு எடைக்கும் போனிலேயே தனி அடையாள எண் போட வேண்டும் என்று டெவலப்பரே கண்டுபிடித்துவிடுவார். அதை நிபந்தனையில் எழுதாதீர்கள், அது அவர் வேலை.

பெண்ணுக்கான ஸ்டோரிக்கு நிபந்தனை சின்னது: சேமிக்கும்முன் அவர் பெயரும் நிகர எடையும் ஒரே திரையில் இருக்கின்றன, இரண்டு அடி தள்ளி நிற்பவர் அதைப் படிக்க முடிகிறது. இதை டெஸ்டர் ஆபீசிலேயே, தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்துவிடலாம்.

"வேகமாக" என்பதற்கு எண் வேண்டும் என்றால் நீங்களாகக் கற்பனை செய்யாதீர்கள். மேஸ்திரி நோட்டில் ஒரு சாக்குக்கு எத்தனை நொடி எடுக்கிறார் என்று ஒரு சாயங்காலம் கடிகாரம் வைத்துப் பாருங்கள், அதைவிடக் கூடக்கூடாது என்று எழுதுங்கள். எந்த போன் என்பதையும் எழுதுங்கள். "எல்லா போனிலும்" என்பதை யாராலும் சோதித்து முடிக்க முடியாது.

காய் கலந்த பழத்தைத் தனியாக எடை போடுவது, சாக்கு எடையை மாற்றுவது, வாராந்திரக் கணக்கு என்று காட்சிகள் சேர்ந்துகொண்டே போனால், ஆறாவது காட்சி வரும்போது ஸ்டோரியை உடைத்துவிடுங்கள். இந்த ஆறு என்பது விதி இல்லை, என் அளவு.

திருத்தியதும் கோட் எழுதுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். டெவலப்பரிடமும் டெஸ்டரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: "சர்வரில் பதிவு வந்துவிட்டது, ஆனால் 7:05-க்கு வந்தது. பாஸா, ஃபெயிலா?" இருவரும் யோசிக்காமல் ஃபெயில் என்றால் ஸ்டோரியை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் "அது பரவாயில்லை" என்றால், அந்த 2 நிமிடம் யாருக்காக என்று கணக்குப்பிள்ளையிடம் போய்க் கேட்டு, அவர் சொல்லும் எண்ணை அங்கே போடுங்கள்.