பம்ப்செட் கணக்கில் போகும் மதிப்பெண்: கேள்வி பதில்

மன்னார்குடி பக்கம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் கொடுத்த கணக்கு இது: 7.5 செ.மீ. விட்டமுள்ள குழாய் வழியே பம்ப்செட் நொடிக்கு 15 லிட்டர் தண்ணீர் தள்ளுகிறது. நீரின் வேகம் என்ன? ஒரு நொடியில் வெளியேறும் நீரின் இயக்க ஆற்றல் எவ்வளவு? விடை 3.4 மீ/வி, 86 ஜூல். பலருக்கு வேறு விடை வந்தது.

எனக்கு 105 ஜூல் வந்தது. பரப்பை மூன்று தசமத்துக்கு 0.004 என்று எடுத்தேன். மூன்று தசமம் போதாதா?

தசமத்தை எண்ணினதுதான் தப்பு. குழாயின் பரப்பு 0.004418 ச.மீ. முன்னால் நிற்கும் பூச்சியங்கள் இடத்தைத்தான் காட்டும், முக்கிய எண்ணுருவில் சேராது. 0.004 என்று வெட்டியதும் கையில் மிஞ்சியது ஒரே ஒரு இலக்கம். பரப்பு ஒன்பது சதவீதம் குறைய, வேகம் 3.75 ஆகிறது. அப்புறம் அதை வர்க்கப்படுத்துகிறீர்கள், பிழை இருபது சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

நான் 3.4 என்று சரியாகத்தான் முழுமைப்படுத்தினேன். ஆனாலும் 87 வருகிறதே?

பாதி சரி. முதல் கேள்விக்கு எழுத வேண்டிய விடை 3.4தான். ஆனால் இரண்டாவது கேள்விக்குள் அதையே கொண்டுபோகக் கூடாது. 3.395 என்று ஓரத்தில் வைத்துக்கொண்டு, ½ × 15 × 3.395² போட்டால் 86.4 வரும். மடக்கை அட்டவணை பார்க்கிறவர்கள் நான்கு இலக்கத்தைக் கடைசி வரி வரை விடாதீர்கள். முழு எண்ணாக விடை கேட்கும் நுழைவுத் தேர்வில் 87க்கு மதிப்பெண் கிடையாது.

100 செ.மீ. ஒரு மீட்டர். அதனால் 44.18 ச.செ.மீ.ஐ 100ஆல் வகுத்தேன். எனக்கு 0.034 மீ/வி.

நீளத்துக்கு 100 என்றால் பரப்புக்கு 10,000. விட்டத்தை முதலிலேயே 0.075 மீ. என்று மாற்றியிருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. விடையைப் பார்த்தே சந்தேகம் வந்திருக்க வேண்டும்: நொடிக்கு ஒரு குடம் தண்ணீர் கொட்டும் குழாயில் நீர் மூன்று சென்டிமீட்டர் நகருமா? நத்தைகூட அவ்வளவு பின்தங்காது என்று சொல்ல வந்தேன், நத்தை அதைவிடவும் மெதுதான்!

சார், எங்கள் வயலில் 5 ஹெச்.பி. மோட்டார். 86 வாட்டுக்கு எதற்கு அவ்வளவு பெரிது?

கணக்கு கேட்டது குழாயை விட்டு வெளியேறும் வேகத்துக்கான ஆற்றலை மட்டும். ஆழத்திலிருந்து தூக்குவது தனி. 20 மீட்டர் தூக்க 15 × 9.8 × 20, அதாவது 2,940 வாட் ஆகிறது. 5 ஹெச்.பி. என்பது 3,730 வாட். உராய்விலும் பம்பிலும் கொஞ்சம் போகும், மீதியை அப்பாவிடம் கேளுங்கள்.

15 லிட்டர் என்பது துல்லியமான எண்ணா, இரண்டு இலக்கமா? 86.4 எழுதினால் குறைப்பார்களா?

அளந்த எண் என்றே நான் எடுப்பேன், 7.5ம் இரண்டு இலக்கம்தான். அதனால் 86. ஆனால் 86.4க்கும் முழு மதிப்பெண் போடுகிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன், குறைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அலகில்லாமல் வெறும் 86 என்று விட்டால் மட்டும் இரண்டு பேருமே குறைப்பார்கள்.