எந்தப் பின்பக்கம் யாருடைய முன்பக்கத்துக்கு?

கேள்வி: சுன்னாகத்தில் எங்கள் சிக்கனக் கடனுதவிச் சங்கத்துக்கு உறுப்பினர்கள் அடையாள அட்டையை முன்பக்கம் வேறு, பின்பக்கம் வேறாகப் படம் எடுத்து வட்சப்பில் அனுப்பிவிட்டார்கள். எல்லாம் ஒரே போல்டரில் கலந்து கிடக்கிறது. ஆளுக்கு ஒரு பதிவாக எப்படிச் சேர்ப்பது?

பதில்: கோப்புப் பெயரில் WA0003, WA0004 என்று அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்து மட்டும் சோடி சேர்க்காதீர்கள். அது படம் வந்து சேர்ந்த வரிசைதான்; ஒரே நேரத்தில் இரண்டு பேர் அனுப்பினால், அல்லது ஒருவரே வீட்டில் உள்ள எல்லாருடைய முன்பக்கத்தையும் முதலில் அனுப்பினால் அந்த வரிசை குழம்பிப்போகும்.

பழைய லேமினேட் அட்டை என்றால் அட்டையிலேயே வழி இருக்கிறது. படமும் இலக்கமும் ஒரு பக்கம், பிறந்த திகதியும் முகவரியும் மறுபக்கம். இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். உதாரணமாக 78564 என்று தொடங்கினால் 1978இல் பிறந்த பெண், 564இல் 500 போக 64ஆவது நாள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே இந்த இலக்கத்தில் கணக்கு. ஆகவே 64ஆவது நாள் மார்ச் 4. சாதாரண 1978 கலண்டரில் எண்ணினால் மார்ச் 5 வரும், சரியான பின்பக்கத்தையே பிழை என்று ஒதுக்கிவிடுவீர்கள். எக்செலில் 2000ஆம் ஆண்டைக் கொடுத்தால் அது லீப் ஆண்டு என்பதால் நாளும் மாதமும் சரியாகவே வரும்:

```
=TEXT(DATE(2000,1,64),"dd/mm")
```

கிடைப்பது 04/03. பின்பக்கத்தில் 1978 மார்ச் 4 இருக்கிற படத்தைத் தேடிச் சேருங்கள். எதுவும் பொருந்தாவிட்டால் உடனே அட்டையைச் சந்தேகிக்க வேண்டாம், மங்கலான படத்தில் 3ஐ 8 என்று வாசித்திருக்கலாம், பெரிதாக்கிப் பாருங்கள்.

2017இலிருந்து வருகிற புதிய அட்டையில் இந்தக் கணக்கு கைகொடுக்காது, ஏனென்றால் பிறந்த திகதி இலக்கத்தோடு முன்பக்கத்திலேயே இருக்கிறது. பின்பக்க முகவரியை உறுப்பினர் பதிவேட்டோடு ஒப்பிடலாம், ஆனால் கணவன் மனைவி இருவரும் உறுப்பினர் என்றால் முகவரி ஒன்றுதான். பழைய அட்டையில் இரட்டைப் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல். இப்படிப்பட்டவர்களுக்கு ஊகித்து எழுதாமல், அட்டையைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு பக்கத்தையும் நீங்களே அடுத்தடுத்து எடுங்கள், ஒருவரை முடித்த பிறகே மற்றவர்.

சேர்த்ததும் கோப்புக்கு உறுப்பினர் இலக்கத்தை வைத்துப் பெயரிடுங்கள், 0142_F.jpg, 0142_B.jpg என்று. அடையாள அட்டை இலக்கத்தைப் பெயரில் போடவேண்டாம், போல்டரைத் திறக்கிற யாருக்கும் அது தெரிந்துவிடும். எக்செலில் ஆளுக்கு ஒரு வரி: உறுப்பினர் இலக்கம், முன்பக்கக் கோப்பு, பின்பக்கக் கோப்பு, அப்புறம் எதை வைத்துச் சேர்த்தீர்கள் என்பது (திகதி, முகவரி, நேரில்). இந்தக் கடைசி நிரலைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பிறகு ஒரு சோடி பிழை என்று தெரிந்தால், முகவரியை மட்டும் நம்பிச் சேர்த்தவற்றைத்தான் முதலில் திரும்பப் பார்க்கவேண்டும்.