வீட்டுச் சண்டையைப் பேசினால் மனச்சோர்வு குறையுமா?

கேள்வி: "என் மகளுக்கு 15 வயது. மனச்சோர்வு என்று டாக்டர் சொல்லி, உளவியல் நிபுணரிடம் 12 வாரம் போகச் சொன்னார். அவரோ எங்கள் சண்டையையும், இவளை விட்டுப்போன தோழியையும் பற்றியே கேட்கிறார். இது சிகிச்சைதானா?"

பதில்: சிகிச்சைதான். இன்டர்பெர்சனல் தெரபி என்பார்கள், உறவுகளை மையமாக வைத்த பேச்சு சிகிச்சை. பெரியவர்களுக்காக உருவானதை, உளவியலாளர் லாரா மஃப்சனும் அவர் குழுவினரும் நியூயார்க்கில் வளரிளம் பருவத்தினருக்கு ஏற்ப மாற்றினார்கள். சண்டைதான் நோயை உண்டாக்கியது என்று இது சொல்வதில்லை. சோர்ந்த பிள்ளை எரிந்து விழுகிறாள், ஒதுங்குகிறாள், சுற்றியிருப்பவர்களும் விலகுகிறார்கள், சோர்வு கூடுகிறது. இந்தச் சுழற்சியை உறவின் பக்கத்திலிருந்து உடைப்பதே வேலை.

முதல் நாலு வாரம் விசாரணைதான். நெருக்கமானவர்கள் யார் யார் என்று வட்டங்களுக்குள் எழுதச் சொல்வார்கள். தோழி எந்த வட்டத்திலிருந்து எங்கே நகர்ந்தாள் என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு ஒரு பிரச்சினையை, மிஞ்சினால் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

உங்கள் சண்டையை எடுத்தார்கள் என்று வையுங்கள். "என்ன நடந்தது?" என்பதோடு விடமாட்டார்கள், சினிமாக் காட்சி மாதிரி வரிக்கு வரி கேட்பார்கள். நீங்கள், "இன்னும் போனைத்தான் பார்க்கிறியா?" என்றீர்கள். அவள், "உங்களுக்கு மார்க் மட்டும்தான் முக்கியம்" என்று கதவைச் சாத்தினாள். அவள் சொல்ல நினைத்தது என்ன? தோழி பதில் அனுப்புவாளா என்று காத்திருந்தாள். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? கதவைச் சாத்தியபின் மனநிலை எத்தனை மார்க்? ஒவ்வொரு வாரமும் 1 முதல் 10 வரை அவள் மார்க் போடுவதால், சண்டைக்கும் சோர்வுக்கும் உள்ள தொடர்பு அவளுக்கே புலப்படும்.

அப்புறம் ஒத்திகை. நிபுணர் அம்மாவாக நடிப்பார். "அவ பேசாததால கஷ்டமா இருக்கும்மா, அரை மணி நேரம் விடுங்க, அப்புறம் படிக்கிறேன்" என்று அவள் சொல்லிப் பார்ப்பாள். சூடு தணிந்த நேரம் பார்த்துப் பேசுவதும் பயிற்சிதான். முதல் தடவை வீட்டில் சொதப்பும். அதையும் அடுத்த வாரம் அலசுவார்கள்.

உங்களையும் நடுவில் கூப்பிடுவார்கள். பத்து வயதில் பையைத் திறந்து பார்த்த அம்மா, பதினைந்திலும் பார்ப்பதா என்ற பேச்சு அப்போது வரலாம். போங்கள். இதற்கிடையில், காய்ச்சல்காரப் பிள்ளையிடம் போல, மதிப்பெண்ணுக்காகத் திட்டாதீர்கள். ஆனால் பள்ளியை நிறுத்தவும் வேண்டாம். முடிந்ததைச் செய்யட்டும்.

பாதி வாரங்கள் கடந்தும் மனநிலை மார்க் முன்னேறவே இல்லையென்றால், மருந்து சேர்ப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். தூக்கமே வேண்டாத அதீத உற்சாகம், காதில் குரல் கேட்பது, போதைப் பழக்கம் இருந்தால் இது மட்டும் போதாது. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சந்தேகமாக இருந்தால் அவளிடமே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.