கடைக்காலைத் தின்னும் சல்பேட்: வாசகர் கேள்விகள்

மழை ஓய்ந்து வானம் தோண்டத் தொடங்கும் பருவம். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி சல்பேட்டைப் பற்றியே. ஒன்றுக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். அது அப்படிச் சொல்ல வேண்டிய கேள்வி.

53 கிரேடு சிமென்ட் போட்டால் சல்பேட்டைத் தாங்கும் என்கிறார் மேஸ்திரி. சரியா? (பல்லடம்)

சரியில்லை. 53 என்பது 28 நாளில் சிமென்ட் காட்டும் பலம், அவ்வளவுதான். சல்பேட் தேடிப் போவது சிமென்டில் இருக்கும் அலுமினேட்டை. இரண்டும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகமாகி, வீங்கி, கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். மூட்டையில் அலுமினேட் எவ்வளவு என்பதை கிரேடு எண் சொல்லாது.

தண்ணியை லேப்பில் கொடுத்தேன், சல்பேட் 1400 என்று வந்திருக்கிறது. என்ன சிமென்ட் வாங்கட்டும்? (பெருந்துறை)

1400 என்ன? அலகு இல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் ஜோசியம்தான் சொல்ல முடியும். நல்ல வேளையாக ரிப்போர்ட்டின் படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் இருப்பது லிட்டருக்கு 1400 மில்லிகிராம் SO4. கான்கிரீட்டுக்கான நம் ஐ.எஸ். 456 விதிநூலின் அட்டவணையோ SO3 கணக்கில் இருக்கிறது. SO4-ஐ 0.83-ஆல் பெருக்கினால் SO3 வரும். உங்களுக்கு ஏறக்குறைய 1160, அதாவது லிட்டருக்கு 1.16 கிராம். நிலத்தடி நீரில் 0.3 முதல் 1.2 கிராம் வரை இரண்டாம் வகுப்பு. இதற்குச் சாம்பல் கலந்த சிமென்டான சாதாரண பிபிசி போதும். கனமீட்டருக்கு 330 கிலோவுக்குக் குறையாமல், தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.50-க்கு மிகாமல் இருந்தால் சரி. மாற்றாமல் 1.4 என்றே படித்திருந்தால் மூன்றாம் வகுப்பில் போய் நின்றிருப்பீர்கள்.

ஆனால் அந்த 1400-ஐயே நான் நம்பவில்லை. மாதிரி எடுத்தது 900 அடி போரில் இருந்து என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பூட்டிங் உட்காரப்போவது 6 அடியில். 900 அடித் தண்ணி மேலே ஏறி வந்து கடைக்காலைத் தொடாது. குழியில் ஊறும் தண்ணியைச் சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடியுங்கள். ஊறவில்லை என்றால் பூட்டிங் மட்டத்தில் இருந்து இரண்டு கிலோ மண் எடுத்துக் கொடுங்கள். மேல்மண் வேண்டாம். மழை முடிந்த கையோடு எடுத்தால் உப்பு கரைந்து எண் குறைவாகத்தான் காட்டும். எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தால் அடுத்த வகுப்புக்கே போடுங்கள். பிபிசியிலேயே 350 கிலோ, 0.45. கூடுதல் செலவு கனமீட்டருக்கு அரை மூட்டைகூட வராது.

கூடவே குளோரைடும் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

கரிசல் மண்ணில் வெள்ளை வெள்ளையாக உருண்டை கிடக்கிறது. ஜிப்சமா? (உடுமலை)

பெரும்பாலும் சுக்காங்கல்லாக இருக்கும். அது சுண்ணாம்பு, கான்கிரீட்டை ஒன்றும் செய்யாது. உடைத்து, உள்பக்கத்தில் எலுமிச்சைச் சாறு விடுங்கள், வினிகர் இருந்தால் இன்னும் நல்லது. நுரைத்தால் சுக்காங்கல். நுரைக்காமல், நகத்தால் கீறினால் கோடு விழுகிற பளபளப்பான துண்டாக இருந்தால் ஜிப்சம் என்று சந்தேகப்பட்டு லேப்புக்கு அனுப்புங்கள். உருண்டை நுரைத்துவிட்டது என்பதற்காக மண்ணில் சல்பேட்டே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். சோடியம் சல்பேட் கண்ணுக்கே தெரியாமல் கரைந்து கிடக்கும்.

நிலக்கடலைக்கு வருசா வருசம் ஜிப்சம் போட்ட காடுங்க. அதில் வீடு கட்டினால் கடைக்கால் கெட்டுவிடுமா? (பொங்கலூர்)

கெடாது. கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ போடுவீர்கள். அதில் SO3 75 கிலோ. ஏக்கர் மேல்மண் அரை அடி ஆழத்துக்கே 800 டன் தேறும். 100-க்கு 0.01 பங்குகூட ஆகவில்லை. அட்டவணையில் கவலை தொடங்குவதே 0.2-இல்தான். பத்து வருசம் போட்டு, ஒரு பொட்டுகூடக் கரைந்து போகவில்லை என்று வைத்தாலும் 0.1-ஐத் தாண்டாது. அந்த மேல்மண்ணையும் எப்படியும் வழித்துத் தள்ளத்தான் போகிறீர்கள்.

ஜிப்சம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது என்பதும் இங்கே உதவும். லிட்டருக்கு 2.4 கிராம் கரைந்தால் தண்ணி நிறைந்துவிடும். அதில் SO3 1.1 கிராம்தான். ஆகவே குழித் தண்ணியில் 1.2-க்கு மேல் காட்டினால் ஜிப்சத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சோடியமோ மக்னீசியமோ கலந்த சல்பேட் எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம்.

திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் கரைக்குப் பக்கம் இடம். குழியில் சப்பைத் தண்ணி ஊறுகிறது. SO4 1150, குளோரைடு 2600 மில்லிகிராம். கடைக்காரர் 'சல்பேட்டா, கண்ணை மூடிக்கொண்டு எஸ்ஆர்சி போடுங்க' என்கிறார். போடலாமா?

ரிப்போர்ட்டை முழுசாக எழுதியதற்கு நன்றி. கடைக்காரர் கண்ணை மூடச் சொன்ன இடத்தில்தான் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். அவர் பார்த்தது முதல் எண்ணை மட்டும்.

எஸ்ஆர்சி என்பது சல்பேட்டைத் தாங்குவதற்கென்றே செய்த சிமென்ட். நல்ல சிமென்ட், அதில் எனக்குச் சண்டை இல்லை. அதில் டிரைகால்சியம் அலுமினேட் 5 சதவீதத்துக்கு மிகாது. சல்பேட்டுக்குத் தீனி குறைவு, அதனால் வீக்கம் குறைவு. ஆனால் அதே அலுமினேட் இன்னொரு வேலையும் செய்கிறது. உள்ளே நுழையும் குளோரைடில் ஒரு பங்கைப் பிடித்துக் கட்டி வைக்கிறது. அலுமினேட்டைக் குறைத்தால் குளோரைடு இன்னும் எளிதாகக் கம்பிவரை போகும். கான்கிரீட் முழுசாக இருக்க, உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு வீங்கி கான்கிரீட்டைப் பிளந்த பிறகுதான் வெளியே தெரியும்.

திருப்பூர்ப் பக்கத்தில் இந்த இரண்டும் சேர்ந்தே வருவதில் ஆச்சரியம் இல்லை. துணிக்குச் சாயம் ஏற்றும்போது சாயத்தை நூலில் பிடிக்க வைக்கச் சோடியம் குளோரைடையோ சோடியம் சல்பேட்டையோ கொட்டுவார்கள். அந்தக் கழிவு வருசக்கணக்கில் நொய்யலில் ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். பட்டறை சுத்திகரிப்புக்கு மாறினாலும் மண்ணுக்குள் போன உப்பு உடனே வெளியேறுவதில்லை. ஆகவே இந்த வட்டாரத்தில் சல்பேட்டை மட்டும் சோதிப்பது பாதி வேலை. ஐ.எஸ். 456 அட்டவணையின் அடிக்குறிப்பிலேயே இது இருக்கிறது: சல்பேட்டோடு குளோரைடும் இருந்தால் எஸ்ஆர்சிக்குப் பதிலாக, அலுமினேட் 5 முதல் 8 சதவீதம் உள்ள ஓபிசி, அதாவது சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட், நல்லது. இல்லையென்றால் இரும்பாலைக் கசடான ஸ்லாக் 50 சதவீதத்துக்கு மேல் உள்ள ஸ்லாக் சிமென்ட். அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்!

இப்போது உங்கள் கணக்கு. 1150-ஐ SO3 ஆக்கினால் 950 சொச்சம், இரண்டாம் வகுப்பு. சல்பேட்டை மட்டும் பார்த்தாலே எஸ்ஆர்சி கட்டாயம் இல்லாத இடம் இது. உங்களுக்குப் பெரிய எதிரி குளோரைடுதான். நான் ஸ்லாக் சிமென்ட்டைச் சொல்வேன். ஸ்லாக் கான்கிரீட்டில் நுண்துளைகள் சின்னவை, இரண்டு உப்புமே உள்ளே போகத் திணறும். ஆனால் மூட்டையில் ஸ்லாக் சிமென்ட் என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 25 சதவீதம் ஸ்லாக் இருந்தாலும் அந்தப் பெயரில் விற்கலாம். அந்த வார உற்பத்திக்கான டெஸ்ட் சர்டிபிகேட்டைக் கேளுங்கள், ஸ்லாக் எவ்வளவு என்று அதில் இருக்கும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

உப்பு நிலத்தடி நீர் தொடும் கான்கிரீட்டை 'மிகக் கடுமையான சூழல்' என்றே ஐ.எஸ். 456 கோடு வகைப்படுத்துகிறது. ஆகவே கான்கிரீட் தரம் எம்35, சிமென்ட் குறைந்தது 340 கிலோ, விகிதம் 0.45. நீங்கள் 350 என்று வைத்துக்கொள்ளுங்கள், கனமீட்டருக்கு ஏழு மூட்டை. கோடு கேட்கும் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன், 50 மில்லிமீட்டர். மண்ணைத் தொடும் பக்கம் 75 விடுங்கள் என்பது என் கட்சி. கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியை முட்டுக்கொடுக்க விடாதீர்கள்.

சிமென்ட்டைச் சரியாக வாங்கிவிட்டு எல்லோரும் கோட்டை விடும் இடம் தண்ணீர். 0.45 என்றால் மூட்டைக்கு 22 லிட்டர். அதில் மணலின் ஈரமும் அடக்கம். ஈர எம்சாண்ட் மூட்டைக்கு 100 கிலோ போட்டால் அதிலேயே நாலைந்து லிட்டர் இருக்கும். ஆகவே மெஷினில் ஊற்ற வேண்டியது 18 லிட்டர்தான். 'கலவை ஓடமாட்டேங்குது' என்று ஒரு வாளி கூட ஊற்றினால் 0.6-ஐத் தாண்டிவிடும். அதற்கப்புறம் எந்த சிமென்ட் போட்டாலும் ஒன்றுதான். ஓட வேண்டும் என்றால் சூப்பர்பிளாஸ்டிசைசர் சேருங்கள், தண்ணீரைச் சேர்க்காதீர்கள். ஸ்லாக் மெதுவாக இறுகும், நம் ஊர் வெயிலுக்கு 14 நாள் ஈரம் காயாமல் பாருங்கள். குழியில் ஊறும் தண்ணியை வெளியே இறைத்தபடியே வார்க்க வேண்டும். அந்தச் சப்பைத் தண்ணியையே குழியில் தேக்கி க்யூரிங் ஆயிற்று என்று கணக்குக் காட்டினால் நான் பொறுப்பில்லை.

அப்படியானால் எஸ்ஆர்சி எப்போதுதான் போடுவது? (அன்னூர்)

குளோரைடு சொற்பமாக இருந்து, நிலத்தடி நீரில் SO3 2.5 கிராமுக்கு மேல் போனால். அங்கே அட்டவணையில் சாதாரண பிபிசிக்கு இடமில்லை. எஸ்ஆர்சி 370 கிலோ, விகிதம் 0.45. 5 கிராமையும் தாண்டினால் 400 கிலோ, 0.40, அதற்கு மேல் பிட்டுமன் அல்லது எபாக்சி பூச்சும் வேண்டும். மேலே பெருந்துறைக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்: முதலில் குழித் தண்ணி ரிப்போர்ட், பிறகு சிமென்ட்.

20 வருச வீடு. தரையில் இருந்து ஒன்றரை அடி உயரம்வரை பூச்சு பொரிந்து வெள்ளையாக உதிர்கிறது. கடைக்காலை சல்பேட் தின்றுவிட்டதா? (காங்கயம்)

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மண் ஈரம் சுவரில் ஏறி, காற்றுப் படும் இடத்தில் காய்ந்து, உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளுகிறது. ஈரம் ஏறாமல் தடுக்கும் டிபிசி அடுக்கு இல்லை, அல்லது உடைந்திருக்கிறது. இதற்கு சிமென்ட் வகையை மாற்றிப் பயனில்லை, ஈரம் ஏறுவதை நிறுத்த வேண்டும். கடைக்காலில் சந்தேகம் இருந்தால் ஒரு மூலையில் தோண்டி பூட்டிங்கின் விளிம்பைப் பாருங்கள். சல்பேட் முதலில் கடிப்பது விளிம்பையும் மூலையையும்தான். அங்கே வெளுத்து, வெடிப்பு ஓடி, ஆணியால் குத்தினால் மாவாக உதிர்ந்தால் உடனே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். சுத்தியலால் தட்டினால் கணீர் என்றால், மண்ணை மூடிவிட்டு டிபிசி வேலையைப் பாருங்கள்.

கலவைக்கு எங்கள் போர் தண்ணியே போதுமா? (சூலூர்)

லிட்டருக்கு SO3 400 மில்லிகிராமுக்குள், கம்பி உள்ள வேலைக்கு குளோரைடு 500-க்குள் இருந்தால் போதும். மறுபடியும் சொல்கிறேன், ரிப்போர்ட்டில் SO4 என்று இருந்தால் 480 வரை.